பேரை எப்படிப் போடட்டும் சார்?

ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் என்ற இளைஞர் கதை எழுத ஆரம்பித்த காலத்தில், குமுதம் இதழில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தார். அவர் ரா.கி. ரங்கராஜன். வாசகர் குழம்பக்கூடாது என்பதற்காக, பின்னால் வந்தவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். ‘சுஜாதா’ அப்படிப் பிறந்த பெயர்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எது யார் என்று தெரியாது என்ற எளிய சிக்கல், ஒரு ஸ்ரீரங்கத்துக்காரரைக் காலத்துக்கும் வேறு பெயரில் எழுத வைத்தது.

அந்தச் சிக்கல் இன்று யூடியூப் வீடியோக்களின் அடியில், டிஸ்கிரிப்ஷன் என்ற பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்போது கோயில், கல்வெட்டு, சமையல், கச்சேரி, காவிரி என்று பேசவைத்துப் படம்பிடிக்கும் சிறு சேனல்கள் நிறைய. விருந்தினரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு மணி நேரம் அருமையாகப் பேசவைத்துவிடுகிறார்கள். வீடியோ ஏற்றுகிற ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஞாபகம் வருகிறது: ‘சாரோட ஐடி என்ன? அவரைப் பத்தி என்ன போடறது?’ உடனே ஒரு வாட்ஸ்அப் போகிறது: “சார், உங்க ஹேண்டில், பயோ அனுப்புங்க.” சார் தூங்கிவிட்டார். விழித்திருந்தாலும் அவருக்கு இரண்டு சொல்லும் புரிந்திருக்காது. எடிட்டர் தேடுபெட்டியில் பெயரைப் போட்டு, முதலில் வருகிற ரங்கநாதனையோ ரங்கராஜனையோ ஒட்டிவிடுகிறார். மறுநாள் காலையில் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் பாராட்டு குவிகிறது.

இந்த ஊரில் இது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு ஒரு ரங்கன் இருக்கும் தீவு இது. போதாக்குறைக்கு நம் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். srangarajan, s.rangarajan, rangarajan_s என்ற மூன்றும் இன்ஸ்டாகிராமில் மூன்று தனித்தனி ஆட்கள். ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று பழகியவர்கள், அதே நினைப்பில் இன்ஸ்டாகிராம் பெயரிலும் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். அங்கே அந்தப் புள்ளிதான் ஆளையே மாற்றுகிறது.

ஹேண்டில் என்றால் என்ன கேட்கிறோம்?

யூடியூப் 2022 அக்டோபரில் ஹேண்டில் முறையைக் கொண்டுவந்தது. சேனலின் பெயர் வேறு, ஹேண்டில் வேறு. ஒரே சேனல் பெயரை நூறு பேர் வைத்துக்கொள்ளலாம். @ குறியோடு தொடங்கும் ஹேண்டில் ஒருவருக்கு மட்டும்தான். மூன்று எழுத்திலிருந்து முப்பது எழுத்துவரை இருக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. டிஸ்கிரிப்ஷனில் அதை @ போட்டுச் சரியாக எழுதினால், அதுவே தட்டினால் திறக்கிற இணைப்பாக மாறிவிடும்.

பெரியவர்கள் பலருக்குத் தங்களுக்கு ஹேண்டில் இருப்பதே தெரியாது. பேரனுக்காக ஒரு வீடியோ போட என்றோ சேனல் திறந்திருப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்காததால் யூடியூப்பே ஒன்றைக் கொடுத்திருக்கும். அது பல நேரம் @user- என்று தொடங்கி, பின்னால் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாகப் போகும். “எனக்கு ஹேண்டில் எல்லாம் இல்லைப்பா” என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. அவர் பார்த்ததே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே, விருந்தினரிடம் ஹேண்டிலைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. லிங்க் கேட்க வேண்டும். அவருடைய பக்கத்தைத் திறந்து, ‘ஷேர்’ அழுத்தி, ‘காப்பி லிங்க்’ எடுத்து, அப்படியே ஒட்டச் சொல்ல வேண்டும். கையால் அடித்தால் அண்டர்ஸ்கோர் ஒன்றா இரண்டா, எழுத்து l-ஆ எண் 1-ஆ என்ற சந்தேகம் தொடரும். ஒட்டின லிங்க்கில் அது இல்லை.

லிங்க் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. யார் வேண்டுமானாலும் தன் ஹேண்டிலை மாற்றிக்கொள்ளலாம். யூடியூப் பதினான்கு நாளுக்குள் இரண்டு தடவை மாற்ற விடுகிறது. பழையதைப் பதினான்கு நாள் அவருக்காக வைத்திருக்கும். அதற்கப்புறம் அது வேறு ஒருவர் கைக்குப் போகலாம். நீங்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட டிஸ்கிரிப்ஷனில் இருக்கும் @ பெயர் இன்று முன்பின் தெரியாத ஒரு சேனலைக் காட்டலாம். இதற்கு மாற்று உண்டு. ஒவ்வொரு சேனலுக்கும் UC என்று தொடங்கும் இருபத்து நான்கு எழுத்து அடையாளம் ஒன்று இருக்கிறது. youtube.com/channel/ என்று எழுதி அதன் பின்னால் இதை ஒட்டினால் வருகிற முகவரி, ஹேண்டில் மாறினாலும் மாறாது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கோயில் கல்வெட்டு மாதிரி நாள்பட நிற்க வேண்டிய பேச்சென்றால், @ பெயரை மேலேயும் இந்த முகவரியைக் கடைசியிலும் போட்டுவைப்பது நல்லது.

ஸ்ரீரங்கத்துக்கே உரிய தொல்லை

யூடியூப் ஹேண்டில் தமிழிலும் வைக்கலாம். ஊர்ப் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்று, ‘ஸ’வில் தொடங்கி ரகர ஈகாரத்தைச் சேர்ப்பது. இன்னொன்று, ‘ஶ’ என்ற கிரந்த எழுத்தில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் எழுதினவரின் ஸ்ரீரங்கத்தை, இன்னொரு விசைப்பலகையில் அப்படியே எழுதித் தேடினால் கிடைக்காமல் போகலாம். கண்ணுக்கு எந்தத் தப்பும் தெரியாது. லிங்க் மட்டும் திறக்காது. ‘எழுத்து சரியாத்தானே இருக்கு’ என்று அரைமணி நேரம் முட்டிக்கொள்வதைவிட, வந்ததை வெட்டி ஒட்டிவிடலாம்.

ஒட்டினாலும் அதிர்ச்சி ஒன்று காத்திருக்கிறது. தமிழ் ஹேண்டில் உள்ள முகவரியைக் காப்பி செய்தால் பல நேரம் %E0%AE என்று ஆரம்பித்து நீளமாக ஏதோ வரும். வைரஸ் என்று பயந்து அழித்தவர்கள் உண்டு. அது வைரஸ் இல்லை. தமிழ் எழுத்தை இணைய முகவரிக்குள் அனுப்பும் முறை அது. ‘ஸ்ரீரங்கம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் பத்துக் குறி. அந்தப் பத்தும் முகவரிக்குள் போகும்போது தொண்ணூறு எழுத்தாக விரிகிறது.

இதே கணக்கு பயோ வரியிலும் வேலை செய்யும். இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150 குறி அனுமதிக்கிறது, எக்ஸ் தளம் 160. ஆங்கிலத்தில் இரண்டு வரி தாராளமாக எழுதலாம். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் எண்ணிக்கையில் சேர்வதால் ஒன்றரை வரியிலேயே இடம் தீர்ந்துவிடும். யூடியூப் டிஸ்கிரிப்ஷனின் எல்லையை ‘5000 எழுத்து’ என்று எல்லோரும் சொல்வார்கள். யூடியூப் தன் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதியிருப்பது 5000 பைட். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். ஆங்கிலச் சேனலைப் பார்த்து நீளமாக எழுதப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: டிஸ்கிரிப்ஷனில் < > என்ற முக்கோண அடைப்புக்குறிகளை யூடியூப் ஏற்காது. அழகுக்காக அவற்றைப் போட்டு பயோ அனுப்புகிற விருந்தினர்கள் இருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள்.

செய்தியை எப்படி எழுதுவது?

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். உத்தர வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். யூடியூப் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை, பேஸ்புக்கில் மட்டும் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் பேச்சைப் பதிவு செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டும். அவருக்குத் திங்கள்கிழமை காலையில் போக வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். நேத்து பேசினது ரொம்ப நல்லா வந்திருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ போடறோம். வீடியோவுக்குக் கீழ உங்க பேரும், உங்களைப் பத்தி ரெண்டு வரியும், உங்க பேஸ்புக் பக்கமும் வரணும். அதுக்கு மூணு விஷயம் வேணும் சார். உங்க பேர் எப்படி வரணும்? தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், இனிஷியலோட எழுதி அனுப்புங்க. ரெண்டாவது, உங்க பேஸ்புக் பக்கத்தைத் திறந்து, மூணு புள்ளியை அழுத்தி, ‘காப்பி லிங்க்’ எடுத்து இங்க ஒட்டிடுங்க. வரலைன்னா சொல்லுங்க, நானே வந்து பாத்துக்கறேன். மூணாவது, உங்களைப் பத்தி என்ன சொல்லணும்னு நீங்களே ரெண்டு வாக்கியம் சொல்லுங்க. எழுத நேரமில்லன்னா வாய்ஸ் மெசேஜா போதும். புதன்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா நல்லது சார். வரலைன்னா பேரும் ‘ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஸ்ரீரங்கம்’னும் மட்டும் போடறோம். போன் நம்பர், வீட்டு விலாசம் எதுவும் போட மாட்டோம்.”

நீளமாகத் தெரிகிறதா? இதைவிடச் சுருக்கினால் பதிலுக்குப் பத்து செய்தி போகும். எந்த வீடியோ, எப்போது, எங்கே வரும், என்ன வேண்டும், எப்போதைக்குள், வராவிட்டால் என்ன போடுவோம் என்று அத்தனையும் ஒரே செய்தியில் இருக்கிறது. ‘வராவிட்டால்’ என்ற வாக்கியத்தைத்தான் நம்மவர்கள் எழுதத் தயங்குகிறார்கள், மரியாதைக் குறைவு என்று நினைத்து. உண்மையில் அதுதான் பெரியவருக்கு நிம்மதி. பதில் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எடிட்டரும் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடுபெட்டியில் ஆள் தேட வேண்டியதில்லை.

வாய்ஸ் மெசேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் தங்களைப் பற்றி எழுதச் சொன்னால் பயோடேட்டா எழுதுவார்கள். பேசச் சொன்னால் விஷயத்தைச் சொல்வார்கள். நம் தமிழாசிரியர் எழுத்தில் அனுப்பினால் பிறந்த ஊர், படித்த பள்ளி, பணியாற்றிய ஐந்து பள்ளிகள், பெற்ற பொன்னாடைகள் என்று ஒரு பக்கம் வரும். வாய்ஸில், “வாத்தியாரா இருந்தேன். ரிட்டயர் ஆனப்புறம் கோயில் கல்வெட்டைப் படிக்க ஆரம்பிச்சேன். யாராவது வந்தா கூட்டிட்டுப்போய்க் காட்டுவேன்” என்பார். இந்த மூன்று வாக்கியம்தான் பயோ. அதைக் கொஞ்சம் நேர்செய்தால்: ‘ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளைப் படித்து, ஆர்வமுள்ளவர்களுக்கு நேரில் விளக்கிவருகிறார்.’ இந்தப் பேச்சைப் பேச இவருக்கு என்ன தகுதி என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்; அது தெரிந்துவிட்டது. ஐந்து பள்ளிகளின் பெயர் அதற்கு உதவாது.

ஆனால் வெட்டினதை அவரிடம் காட்டாமல் ஏற்றக்கூடாது. “இப்படிப் போடறோம் சார், சரியா?” என்று ஒரு தடவை அனுப்பி, ‘சரி’ வந்த பிறகே போட வேண்டும். பட்டங்களில் சங்கடம் நிறைய. ஆராய்ச்சி இன்னும் முடியாதவரை ‘முனைவர்’ ஆக்கிவிடுவது, உள்ளூர்ச் சபா கொடுத்த விருதை அரசு விருது மாதிரி எழுதிவிடுவது எல்லாம் பெரும்பாலும் சேனல்காரரின் ஆர்வக்கோளாறு. விருந்தினரைப் பெரிதாகக் காட்டினால் வீடியோவும் பெரிதாகும் என்ற எண்ணம். கீழே கமெண்டில் அவருடைய பழைய சகா ஒருவர் வந்து ‘இவர் எப்போ டாக்டர் ஆனார்?’ என்று கேட்டால், அவமானம் ஆசிரியருக்குத்தான்.

திருச்சிக்கு இதில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1939 மே 16-ல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் கச்சேரி அறிவிப்புகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பாடுகிறவர் பெயர், வயலின் யார், மிருதங்கம் யார், அவ்வளவுதான். அடைமொழிக்கு அங்கே இடம் இருந்ததில்லை. பக்கவாத்தியக்காரர் பெயரும் விட்டுப்போனதில்லை.

பக்கவாத்தியம் என்றதும் இரண்டாவது ரகச் செய்தி ஞாபகம் வருகிறது. விருந்தினர் வேறு, கூட வேலை செய்தவர் வேறு. தில்லைநகரிலிருந்து கேமரா எடுத்துக்கொண்டு வந்த தம்பி, ட்ரோன் பறக்கவிட்டவர், பின்னணி இசை கொடுத்த நண்பர் ஆகியோரிடம் பயோ கேட்பது அபத்தம். அவர்களிடம் கேட்க வேண்டியது என்ன வேலைக்கு எந்தப் பெயர் வர வேண்டும் என்பது. “தம்பி, ஒளிப்பதிவுன்னு போட்டு உன் பேரும் இன்ஸ்டா லிங்கும் போடறேன். ரெண்டு பேர் எடுத்தீங்க, யார் பேர் முதல்ல வரணும்? இன்ஸ்டாவுல கொலாப் ரிக்வெஸ்ட் அனுப்பறேன், வெள்ளிக்கிழமையே அக்செப்ட் பண்ணிடு.” அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவை இருவர் கணக்கிலும் காட்டும் கொலாப் வசதி 2021-ல் வந்தது. அழைப்பை மற்றவர் ஏற்றால்தான் அது அவர் பக்கத்தில் தெரியும். தம்பி இரண்டு நாள் கழித்து ஏற்றால், முதல் இரண்டு நாள் அது அவர் பக்கத்தில் இருக்காது. அவர் கணக்கு பிரைவேட்டாக இருந்தால் வேறு தலைவலி: லிங்க்கைத் தட்டுகிறவருக்குப் பூட்டுதான் தெரியும். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கடை வைத்திருக்கிற விருந்தினர் வந்தால் இன்னும் ஒரு கேள்வி கூட. அவர் தன் பொருள் விற்கும் பக்கத்தின் லிங்க்கைத் தருவார். போடலாம், தப்பில்லை. அதற்காகப் பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அதை மறைக்கக்கூடாது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-ல் வெளியிட்ட நெறிமுறை இதைத்தான் கேட்கிறது. யூடியூப்பிலும் ‘பெய்ட் ப்ரமோஷன்’ என்று குறிக்க ஒரு பெட்டி இருக்கிறது. செய்தியிலேயே “இது கட்டண விளம்பரம்னு போட வேண்டியிருக்கும்” என்று எழுதிவிட்டால் பிற்பாடு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

போன் நம்பர் விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. விருந்தினரே “என் நம்பரைப் போடுங்க, நிறையப் பேர் கேக்கறாங்க” என்பார். பெண்கள் பேசும் வீடியோக்களில் எண்ணைப் போட்டுவிட்டு, இரண்டாம் நாளே எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவது அடிக்கடி நடக்கிறது. டிஸ்கிரிப்ஷனில் இருந்து எடுத்துவிடலாம். அதற்குள் காப்பி ஆகிவிட்ட எண்ணை எங்கிருந்து எடுப்பது? தொழிலுக்கென்று தனியாக ஒரு எண்ணோ ஈமெயிலோ இருந்தால் மட்டும் போடுங்கள்.

எந்த இடத்தில் போடுவது?

வாங்கின வரிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். யூடியூப் டிஸ்கிரிப்ஷனில் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். மற்றவை ‘மேலும்’ என்பதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த முதல் வரிகளில் சேனலின் சொந்தப் புராணமும் ‘சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்பதும் இருந்தால், விருந்தினரின் பெயர் பதினைந்தாம் வரிக்குப் போய்விடும். முதல் வரி விருந்தினர் பெயரும் பேச்சின் பொருளும். இரண்டாவது வரி அவர் பயோ, அவர் லிங்க். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அதற்குக் கீழே. ஹாஷ்டேக் கடைசியில், அறுபதைத் தாண்டினால் யூடியூப் அத்தனையையும் புறக்கணித்துவிடும் என்பதால் நாலைந்து போதும்.

நீள வீடியோவிலிருந்து ஷார்ட்ஸ் வெட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷனில் போடும் இணைய முகவரிகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் தட்டினால் திறப்பதில்லை. அங்கே லிங்க் ஒட்டுவது வீண். விருந்தினர் பெயரைப் படத்தின் மேலேயே எழுத்தாகப் போட்டுவிடுங்கள். நம் தமிழாசிரியரின் பேச்சில் எந்தப் பகுதி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வினாடித் துண்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றி, பேசினவர் யார் என்றே தெரியாமல் போவது நடக்கிறதுதானே.

ஏற்றின பிறகு சேனல்காரர் தன் போனில் அல்லாமல் வீட்டில் இன்னொருவர் போனில் அந்த லிங்க்கைத் தட்டிப் பார்க்க வேண்டும். தன் போனில் அவர் ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்கு நண்பராக இருப்பதால் எல்லாம் திறக்கும். பேஸ்புக்கில் ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று வைத்திருக்கிறவரின் பக்கம் வெளியாருக்கு வெறுமையாகத்தான் தெரியும். அப்படி இருந்தால் ஆசிரியரைக் கூப்பிட்டு, “பொதுவில் திறந்து வைக்கலாமா, இல்லை லிங்க்கை எடுத்துவிடலாமா?” என்று கேட்க வேண்டும். அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை, அதுவரை வந்த பார்வை எண்ணிக்கையும் போகாது.